மேல்மாடிக்கு ஒரு நோட்டீஸ்

தூத்துக்குடி பத்திரப்பதிவு ஆபீசுக்குப் போகிற சந்தில் ஈவாஞ்சலினுடைய டைப்பிங் கடை இருக்கிறது. எட்டடிக்கு ஆறடி இடம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. இருபத்தாறு வருஷமாக அங்கே இருந்துகொண்டு ஊரில் பாதிப் பேரை வீடு மாற்றி வைத்தவள் அவள். பதினோரு மாத வாடகை ஒப்பந்தம், காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், காலி செய்கிறேன் என்று சொல்லும் நோட்டீஸ், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நோட்டீஸ், அதற்குப் பதில் நோட்டீஸ் எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போயிருக்கின்றன. வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வாள். வாடகை விஷயத்தில் வாய்ப்பேச்சு செல்லாது, எழுதிக் கொடு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கு.

அப்படிப்பட்டவள் தன்னுடைய வீட்டு உரிமையாளரிடம் காலி செய்யப் போவதைச் சொல்வதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள்.

அவள் குடியிருந்தது பிரையண்ட் நகரில், பால்துரை அண்ணாச்சி வீட்டுத் தரைத்தளம். அண்ணாச்சி மார்க்கெட்டில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர். மாடியில் அவரும் அவர் மனைவி பகவதியும், கீழே ஈவாஞ்சலினும் அவள் புருஷன் சிலுவையும். சிலுவை மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் தோணி ஓடாது. அப்போது வீட்டில் இருந்துகொண்டு சுவரில் ஆணி அடிப்பார். பன்னிரண்டு வருஷம் அந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது. பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை புது ஒப்பந்தத்தை ஈவாஞ்சலினே டைப் அடித்து மாடிக்கு எடுத்துப் போவாள். அண்ணாச்சி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். பகவதி காபி கொடுப்பாள்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் மழையில் அந்த வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்து மூன்று நாள் நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாணச் சேலை, சிலுவையின் கடல் சர்டிபிகேட்டுகள், கேஸ் அடுப்பு எல்லாம் நனைந்தன. அந்த மூன்று நாளும் அண்ணாச்சி வீட்டில்தான் அவர்களுக்குச் சோறும் படுக்கையும். தண்ணீர் வடிந்த பிறகு ஈவாஞ்சலினுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வானம் லேசாக இருட்டினாலும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கட்டில் மேல் ஏற்ற ஆரம்பித்துவிடுவாள். பங்குனியில் ஒருநாள் ஏற்றி வைத்த பிறகுதான் தெரிந்தது, இருட்டியது மேகத்தால் அல்ல, பக்கத்து வீட்டில் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று. அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், அடுத்த மழைக்கு மாடிவீட்டில் இருக்க வேண்டும்.

மில்லர்புரத்தில் முதல் மாடியில் ஒரு வீடு அமைந்தது. ஆகஸ்ட் முதல் தேதி குடிபோகலாம். ஐயாயிரம் கொடுத்துச் சொல்லி வைத்துவிட்டாள். மீதி அட்வான்ஸுக்கு அண்ணாச்சியிடம் அட்வான்ஸாகக் கொடுத்து வைத்திருக்கிற எழுபதாயிரம்தான் வழி. ஆகவே அண்ணாச்சியிடம் சொல்லியாக வேண்டும்.

முதல் தடவை மாடியேறிப் போய், அண்ணாச்சி உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் என்று ஆரம்பித்தாள். அவர் உடனே செல்போனை எடுத்துக் காதில் வைத்து உடன்குடிக்காரனிடம் கருப்பட்டி விலை பேசினார். போன் மணி அடித்ததாக அவளுக்கு நினைவில்லை. இரண்டாம் தடவை, வீடு என்று அவள் வாயெடுத்ததுமே, வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறேன், நீ எந்தக் கலர் சொல்கிறாய் என்று கேட்டார். மூன்றாம் தடவை அவள் வாயே திறக்கவில்லை. பகவதி ஒரு பை முருங்கைக்காயைக் கையில் கொடுத்துவிட்டாள். முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு காலி செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

“நீ ஊருக்கெல்லாம் சொல்லுதது என்னளா? எழுதிக் குடுன்னு தானே சொல்லுத. எழுதிக் குடு” என்றார் சிலுவை.

கடையைச் சாத்துகிற நேரத்தில் உட்கார்ந்து அடித்தாள். வேறு யாருக்கென்றாலும் பத்து நிமிஷ வேலை. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. முதலில் அடித்ததில் ‘தவறும் பட்சத்தில் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்’ என்று கை பழக்கத்தில் வந்துவிட்டது. மூன்று நாள் சோறு போட்ட மனுஷனுக்கு இதையா அனுப்புவது என்று அழித்தாள். இரண்டாவது அடித்தது அண்ணாச்சியையும் மதினியையும் நலம் விசாரித்து, வெள்ளத்தில் செய்த உதவிக்கு நன்றி சொல்லி முடிந்திருந்தது. படித்துப் பார்த்தால் காலி செய்கிற சேதியே அதில் இல்லை. மூன்றாவதுதான் நின்றது:

‘பொருள்: வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வீட்டை ஒப்படைப்பதும் முன்பணத்தைத் திரும்பப் பெறுவதும் தொடர்பாக. ஐயா, தங்களுக்கும் எனக்கும் 1.1.2024 அன்று ஏற்பட்ட ஒப்பந்தத்தின் ஒன்பதாவது ஷரத்துப்படி, இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவிப்பை எழுத்து மூலம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அதன்படி இதை முன்னறிவிப்பாகக் கொள்ளவும். 31.7.2024 காலை பத்து மணிக்கு வீட்டைக் காலியாகத் தங்கள் வசம் ஒப்படைத்துச் சாவிகளைத் தருகிறேன். அன்று வரை உள்ள வாடகையும் மின்கட்டணமும் என்னைச் சேர்ந்தவை. முன்பணம் ரூ.70,000-ஐ, ஷரத்து பன்னிரண்டின்படி நியாயமான பிடித்தம் ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, சாவி பெறும்போதே திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாக அண்ணாச்சியிடம் கையெழுத்து வாங்கப் போனாள். அண்ணாச்சி தாளை வாங்கி, மடித்து, திருப்பி அவள் கையிலேயே கொடுத்தார். கண்ணாடி மண்டியில் இருக்கிறதாம். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது.

மறுநாள் ஜூன் இருபத்தேழு. பெரிய தபாலாபீசில் ஒப்புகை அட்டை வைத்து ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டாள். வீட்டிலிருந்து தபாலாபீசுக்குப் போய், அங்கிருந்து அதே வீட்டுக்குத் திரும்பி வருவதற்குத் தபாலுக்கு இரண்டு நாள் ஆயிற்று. தபால்காரன் ரெக்சன் சனிக்கிழமை காலையில் கேட்டில் நின்றுகொண்டு கவரை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

“அக்கா, அனுப்புனதும் நீங்க, விலாசமும் இதே வீடு. உங்களுக்கு நீங்களே போட்டுக்கிட்டீங்களா?”

“முதல் மாடின்னு போட்டிருக்கேன், பாரும். மேல கொண்டு போரும்.”

“பதினஞ்சு படிதான க்கா. நீங்களே குடுத்திருக்கலாம்.”

அந்தப் பதினைந்து படியின் கஷ்டம் ரெக்சனுக்குத் தெரியாது. அவன் மேலே போனான். ஈவாஞ்சலின் குழாயை மூடிவிட்டு அடுக்களையில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். மேலே அண்ணாச்சி குளிக்கிறேன் என்று குரல் கொடுப்பதும், பகவதி எந்த இடத்தில் கையெழுத்துப் போட என்று விசாரிப்பதும் கேட்டது.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடையில் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவே வெள்ளை வேட்டி சட்டையோடு, கக்கத்தில் ஒரு கவரை இடுக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். முறைப்படி தன் முறை வரும்வரை காத்திருந்தார். வந்ததும் கவரை மேஜையில் வைத்தார்.

“ஒரு நோட்டீஸ் வந்திருக்கும்மா. பதில் போடணும்.”

ஈவாஞ்சலின் கவரைப் பார்த்தாள். அவளே ஒட்டிய கவர். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். அதில் கேலி இல்லை.

“யாரு அனுப்புனது அண்ணாச்சி?”

“நம்ம வீட்டுல கீழ குடியிருக்கிற ஒரு அம்மா.”

“வக்கீல்கிட்ட போயிருக்கலாமே.”

“எதுக்கு? பன்னெண்டு வருசமா என் பேப்பர் எல்லாம் நீதான அடிக்க. இப்ப மட்டும் வேற ஆள்கிட்ட போனா நல்லாருக்குமா?”

கடைக்கு வந்தவருக்கு அடித்துக் கொடுப்பதுதான் தொழில். புது பக்கத்தைத் திறந்தாள். நோட்டீஸைப் படித்துக் காட்டச் சொன்னார், படித்துக் காட்டினாள். தமிழ் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு பதில் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல அடிப்பதற்குப் பதிலாக அவள் ஒவ்வொன்றாக நிறுத்தினாள். இரண்டு மாத நோட்டீஸ் வேண்டும் என்றார். ஒப்பந்தத்தில் ஒரு மாதம்தான் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், இதை எழுதினால் எதிர்த்தரப்பு சிரிக்கும் என்றாள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக் கறை இருக்கிறது, அதற்குப் பெயிண்ட் செலவைப் பிடிக்க வேண்டும் என்றார்; அது வெள்ளம் போட்ட கறை, குடியிருந்தவர் போட்டதல்ல, அதைப் பிடிக்க முடியாது என்றாள். சுவரில் ஆணி இருக்கிறது என்றார். எத்தனை என்று கேட்டாள். எண்ணவில்லை என்றார். எண்ணாமல் எழுதக்கூடாது என்றாள்.

“அந்த அம்மா ரொம்ப வெவரமால்லா இருக்கு” என்றார் அண்ணாச்சி வருத்தத்தோடு. “எனக்கும் எழுதுத மாதிரி ஒரு பாயிண்டு வேணும். ஒண்ணாவது சொல்லு.”

ஈவாஞ்சலின் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். கட்சிக்காரர் கேட்கிறார். மனசாட்சிக்குத் தெரிந்ததை மறைத்தால் அது தொழில் துரோகம். சொன்னால் கைக்காசு போகும்.

“அடுக்களை ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு. அந்த அம்மாவோட புருசன் கேபிளுக்குத் துளை போடையில உடைச்சிட்டாரு. அட்டை வச்சு ஒட்டியிருக்கு. அதை நீங்க கேக்கலாம்.”

அண்ணாச்சிக்கு அது தெரியவே தெரியாது. முகம் மலர்ந்துவிட்டது. போடு, போடு என்றார். கண்ணாடிக்கடை ரசீது வைத்துத்தான் பிடிக்க வேண்டும், வாய்க்கு வந்த தொகையைப் பிடிக்கக் கூடாது என்று அதிலும் ஒரு வரி சேர்த்தாள். முடிக்கும்போது முன்பணம் பற்றி என்ன எழுத என்று கேட்டாள். அண்ணாச்சி பின்னால் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

“காசு இல்லாம இல்லம்மா” என்றார் மெதுவாக. “நீ போயிட்டா கீழ் வீட்டுக்கு ஆள் வராது. இந்த ஆறு மாசமா நம்ம தெருவுல அஞ்சு வீடு சும்மா கெடக்கு. வாரவன் எல்லாம் வீட்டப் பாக்குததுக்கு முன்ன தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு கேக்கான். போன வாரம் ஒருத்தன் பக்கத்து வீட்டுக்கு வந்தான். கணுக்கால்னு சொல்லியிருக்காங்க. அவன் சுவத்துக் கறைய அளந்து பாத்துட்டுப் போயிட்டான்.”

இதற்காகத்தான் போனும் பெயிண்டும் முருங்கைக்காயும். ஈவாஞ்சலினுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாராவது கேட்டால் கணுக்கால்தான் என்று நீயும் சொல்லேன் என்று கெஞ்சினார். அது மட்டும் முடியாது, முழங்காலை முழங்கால் என்றுதான் சொல்வேன் என்றாள். ஆனால் முழங்கால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாத ஆளும் ஊரில் இருப்பான், தேடிப் பார்ப்போம் என்றாள்.

பதில் நோட்டீஸுக்கு எண்பது ரூபாய் கேட்டாள். அவர் அறுபதுக்கு இழுத்தார். அவள் இறங்கவில்லை. எண்பதையே கொடுத்துவிட்டு, தபாலில் போட்டால் வீண் செலவு என்று, கையெழுத்துப் போட்ட பதிலை அவள் கையிலேயே கொடுத்தார். அவள் அவருடைய பிரதியில், பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைக் கேட்ட சிலுவை கையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். உலகத்தில் எந்தப் பொம்பளையாவது தன் குசினி ஜன்னல் உடைந்ததை வீட்டுக்காரனுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பாளா என்று கேட்டார். உடைத்தது யார் என்று ஈவாஞ்சலின் கேட்டதும் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

அந்த ஆள் ஒரு வாரத்தில் அகப்பட்டான். கிளைட்டன் என்று ஒருவன் மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் வலை, கயிறு, மிதவை விற்கிறவன். குடோன் ஒப்பந்தம் புதுப்பிக்க ஈவாஞ்சலின் கடைக்கு வந்தான். பழைய குடோன்காரன் வாடகையை இரண்டு மடங்காக்கிவிட்டதாகப் புலம்பினான். ஒரு வீடு இருக்கிறது, ஆனால் மழைக்கு முழங்கால் தண்ணீர் வந்தது என்று அவள் முதலிலேயே சொன்னாள்.

“நான் விக்குதது மிதவை க்கா. தண்ணி வந்தா மேல நிக்கும், வடிஞ்சா கீழ எறங்கும்” என்றான் கிளைட்டன். “வலையும் கயிறும் நனையதுக்குத்தான் செய்யுதாங்க.”

அண்ணாச்சிக்கு இது சொர்க்கம் திறந்தது போல இருந்தது. ஆனாலும் ஈவாஞ்சலின் அவரை அப்படியே விடவில்லை. குடியிருக்கும் வீட்டைக் குடோன் ஆக்கினால் கரண்டு இணைப்பைக் கடைக்குரிய கட்டணத்துக்கு மாற்ற வேண்டும், மாநகராட்சி வரியும் மாறும், அந்த வித்தியாசம் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசி முடித்தாள். கரண்டு வித்தியாசம் கிளைட்டனுக்கு, வரி அண்ணாச்சிக்கு. கிளைட்டன் கொடுத்த அட்வான்ஸ் அண்ணாச்சி கணக்கில் ஏறியது. அது நேரே தனக்கு வர வேண்டிய காசு என்று ஈவாஞ்சலினுக்குத் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். வீட்டு அட்வான்ஸ் எல்லாம் ஊரில் அப்படித்தான் கைமாறுகிறது.

ஜூலை முப்பத்தொன்று. காலை ஒன்பதுக்கே சாமான் ஏற்றிய வேன் போய்விட்டது. வெறும் வீட்டில் ஈவாஞ்சலினும் சிலுவையும் நின்றார்கள். பத்து மணிக்கு அண்ணாச்சி பகவதியோடு இறங்கி வந்தார். கையில் நோட்டும் பென்சிலும். முதலில் ஆணியை எண்ணினார். நாற்பத்தொன்று. மாதா படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, மீதி எதற்கு என்று சிலுவையைக் கேட்டார். சிலுவைக்கும் நினைவில்லை. ஒவ்வொரு வருஷமும் தோணி நிற்கும்போது நாலு ஆணி வந்திருக்கிறது. சிலுவை அங்கேயே ஆணி பிடுங்கியை எடுத்து அத்தனையையும் பிடுங்க ஆரம்பித்தார். கிளைட்டன் குடோனுக்குக் கயிறு தொங்கவிட ஆணி வேண்டியிருக்கும் என்று பகவதி சொல்லவே, பதினெட்டோடு நிறுத்தினார்.

மீட்டர் அளவைப் பார்த்து எழுதினார்கள். கண்ணாடிக்கு முந்நூற்றைம்பது ரூபாய் ரசீதை அண்ணாச்சி பெருமையோடு நீட்டினார். கண்ணாடியும் கரண்டும் கழித்து அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூற்றுப் பத்து ரூபாய் என்று முடிவானது. ஈவாஞ்சலின் ஒப்படைப்புக் கடிதம் இரண்டு பிரதி அடித்து வைத்திருந்தாள்: முன்வாசல் சாவி இரண்டு, பின்வாசல் சாவி ஒன்று, மின்விசிறி மூன்று, குழாய் ஐந்து, எல்லாம் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று.

சாவிக் கொத்தை அவள் நீட்டினாள். அண்ணாச்சி போனை நீட்டினார். யாரும் முதலில் விடவில்லை. சாவி வாங்கும்போதே பணம் என்று நோட்டீஸில் இருக்கிறது அல்லவா, நோட்டீஸ்படி நடக்க வேண்டும் என்று இருவருக்கும் பிடிவாதம். பணம் அனுப்ப வேண்டியது அண்ணாச்சி. அவருக்கு பேங்க் ஆப்பில் எழுத்துகள் தெரியவில்லை. பகவதி வாங்கி, கணக்கு எண்ணைச் சேர்த்து, போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைப் போட்டு, தொகையைப் போட்டாள். முடியாது என்றது. மறுபடி போட்டாள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாள் ஐம்பதாயிரம்தான் அனுப்பலாம் என்று கீழே சின்ன எழுத்தில் வந்திருந்தது.

சிலுவைக்கு அவசரம், வேன்காரன் மில்லர்புரத்தில் காத்திருப்பான்.

“அம்பதாயிரம் இப்ப அனுப்புங்க அண்ணாச்சி. முன்வாசல் சாவி ரெண்டும் இந்தாங்க. பின்வாசல் சாவி என்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு மிச்சம் வந்ததும் தாரேன்” என்றாள் ஈவாஞ்சலின்.

“பின்வாசல் எத்தன காசு பெறும்னு நெனைக்க?”

“பதினெட்டாயிரத்து அஞ்சூத்திப் பத்து” என்றாள்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். கடிதத்தில் பேனாவால் அடித்துத் திருத்தி, திருத்திய இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பதாயிரம் வந்த சத்தம் அவள் போனில் கேட்டது. பகவதி ஈவாஞ்சலினின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். மழை பெய்தால் போன் பண்ணு என்றாள். மாடியில் இருக்கிறவளுக்கு எதற்கு என்று சிலுவை கேட்டதற்கு, நான் எனக்காகச் சொல்கிறேன் என்றாள் பகவதி; ஆளில்லாத கீழ் வீட்டை நினைத்தால் தனக்குத்தான் பயமாக இருக்குமாம்.

மறுநாள் சாயங்காலம் மில்லர்புரம் வீட்டில் சாமான்கள் பாதி பிரித்தபடி கிடந்தன. படியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு ஈவாஞ்சலின் கதவைத் திறந்தாள். அண்ணாச்சி. ஆப்பை நம்பாமல் மிச்சத்தை ரொக்கமாகவே மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். கூடவே ஒரு சிப்பம் கருப்பட்டி. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இந்த வீட்டுக்காரர் யார், ஒப்பந்தம் போட்டாயிற்றா, நோட்டீஸ் எத்தனை மாதம் என்றெல்லாம் விசாரித்தார். ஒரு மாதம் என்றதும், இரண்டாகப் போட்டிருக்கலாமே, உன்னை மாதிரி ஆள் கிடைப்பது அவனுக்கு லேசில்லை என்றார்.

அவள் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, பின்வாசல் சாவியைக் கொடுத்தாள். முழுத் தொகைக்கும் சேர்த்து ஒரு ரசீது எழுதினாள். கையெழுத்துப் போடப் போகும்போதுதான் நினைவு வந்தது: ஐயாயிரத்துக்கு மேல் வாங்கினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஸ்டாம்ப் கடையில் இருக்கிறது. பெட்டிகளைக் கிளறினாள். சிலுவை ஒரு பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார். அதில் பிடுங்கிய ஆணிகள்தான் இருந்தன.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரே ஒரு ஸ்டாம்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

“தபாலாபீசுல வாங்குனேன். நீ யாருக்கும் ஸ்டாம்ப் இல்லாம ரசீது குடுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்லா.”

ஈவாஞ்சலின் அதை எச்சில் தொட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டாள். அண்ணாச்சி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கொடுத்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார்.